தெளிவில்லாத பக்கங்கள்: ஒரு முகப்புக் கடிதம் குறித்து

பழைய ஆய்வேடு ஒன்றின் இரண்டு இயல்களைப் படித்துச் சுருக்கம் எழுதித் தரும்படி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். ஏடு 1976-இல் தட்டச்சில் அளிக்கப்பட்டது. நூலாக வெளிவரவில்லை. அதை எழுதிய அம்மையார் இன்று இல்லை. புறநானூற்றுத் திணை, துறைக் குறிப்புகளைப் பற்றித் தாம் எழுதிவரும் நூலில் அந்த அம்மையாரின் கருத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கப் பேராசிரியர் எண்ணியிருந்தார். நூலகத்தில் யாரோ ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பு ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. கண்புரை அறுவைக்குப் பின் திரையில் நெடுநேரம் படிக்க அவரால் இயலவில்லை. "நீங்கள் படித்துச் சாரத்தை மட்டும் தாருங்கள் தம்பி, படிக்க முடியாததை விட்டுவிடுங்கள்" என்றார்.

அந்தக் கடைசித் தொடரைப் பற்றியதுதான் இக்கட்டுரை. படிக்க முடியாததை விட்டுவிடலாம். விட்டதைச் சொல்லாமல் விடக்கூடாது. சொல்வதற்கான இடம் சுருக்கத்தோடு வைத்து அனுப்பும் கடிதம். அலுவலகங்களில் நாம் கவரிங் லெட்டர் என்போமே, அதுதான். இத்தகைய பணிகளில் சுருக்கத்தைக் காட்டிலும் அந்த ஒரு பக்கக் கடிதமே கனமானது என்பது என் கருத்து. நம் கல்லூரிகளில் அதை எழுதும் முறை பெரும்பாலும் பிழையானது என்பதும் என் கருத்து.

வழக்கமான கடிதம் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "தாங்கள் பணித்தபடி இயல்களின் சுருக்கத்தை இணைத்துள்ளேன். சில பக்கங்கள் தெளிவாக இல்லை. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்." பணிவான கடிதம்தான். ஆனால் பெறுபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பக்கங்கள்? அவற்றில் என்ன இருந்திருக்கும்? சுருக்கத்தின் எந்த வாக்கியம் அந்தத் தெளிவின்மையின் மேல் நிற்கிறது? இவற்றுள் எதற்கும் அதில் விடையில்லை. "சில பக்கங்கள்" என்ற சொல் முழுச் சுருக்கத்தையும் ஐயத்துக்குள்ளாக்குகிறது. எங்கே ஐயப்பட வேண்டும் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

*

முதலில் நானும் அப்படியொரு கடிதத்தைத்தான் எழுதினேன். அது எப்படி மாறியது என்பதைச் சொன்னால் என் கருத்து விளங்கும்.

கேட்கப்பட்டவை மூன்றாம், நான்காம் இயல்கள். ஆய்வேட்டில் அவை 97 முதல் 211 வரையான பக்கங்கள், அதாவது 115 பக்கங்கள். கோப்பில் இருந்தவை 114. ஒரு பக்கம் விட்டுப்போயிற்று என்று எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். 118-ஆம் பக்கம் இருமுறை ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. அப்படியானால் விட்டுப்போனது ஒன்றல்ல, இரண்டு. 139-ஆம் பக்கத்துக்கு அடுத்து 142 வந்தது. மெல்லிய தாள் என்பதால் மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார்கள். இரட்டித்த பக்கம் ஒன்று இழந்த பக்கம் ஒன்றை எண்ணிக்கையில் மறைத்துவிட்டது. கோப்பின் மொத்தப் பக்கங்களை எண்ணுவது போதாது என்பதை அன்று உணர்ந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உள்ள எண்ணைப் பார்த்துத் தனித்தாளில் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல் பிறக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று ஆய்வேட்டில் தட்டச்சிட்ட எண், மற்றொன்று திரையில் கோப்பு காட்டும் எண். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்தில் 96. 118 இரட்டித்த பின் அது 95. இரு பக்கங்கள் விட்டுப்போன பின் 97. "74-ஆம் பக்கம் தெளிவில்லை" என்று மட்டும் எழுதினால், ஆய்வேட்டை நூலகத்தில் எடுத்துப் பார்ப்பவர் வேறோர் இயலில் போய் நிற்பார். "171-ஆம் பக்கம்" என்று மட்டும் எழுதினால் கோப்பைத் திறந்திருப்பவர் திண்டாடுவார், ஏனெனில் கோப்பில் அந்த எண்ணே இல்லை. பட்டியலில் இரு எண்களையும் தர வேண்டும். எளிய செய்திதான். ஆயினும் நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத் தவறவிட்டிருந்தன.

விட்டுப்போன 140, 141 பக்கங்களில் என்ன இருந்தது என்பதை அறிய ஒரு வழி கிடைத்தது. அக்காலத் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றைப் போல இதிலும் குறிப்புகள் பக்கத்தின் அடியில் இல்லை. இயலின் இறுதியில் தொகுக்கப்பட்டிருந்தன. 139-ஆம் பக்கத்தின் கடைசிக் குறிப்பெண் 47. 142-இல் வரும் முதல் எண் 53. இடையிலுள்ள ஐந்து குறிப்புகளும் இயலின் இறுதியில் தெளிவாகவே இருந்தன. அவை புறம் 260, 261, 263, 264, 265 ஆகிய பாடல்களைச் சுட்டின. எல்லாம் கரந்தைத் திணைப் பாடல்கள். ஆகவே இழந்த பக்கங்களில் கரந்தையைப் பற்றிய பேச்சு இருந்திருக்க வேண்டும். பேச்சு இருந்தது என்பது வரை சொல்லலாம். என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்ல முடியாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டைத் தாண்டாதிருப்பதே சுருக்கம் எழுதுபவனின் நேர்மை.

*

இல்லாத பக்கம் வேறு, இருந்தும் படிக்க முடியாத பக்கம் வேறு. இரண்டாவது வகைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. அவற்றைப் பிரித்துச் சொன்னால்தான் பெறுபவர் அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும்.

கோப்பில் இருந்தது தட்டச்சின் முதற்படியன்று, கார்பன் படி. ஒரே அடியில் நான்கைந்து தாள்களில் எழுத்து விழ வேண்டும். பின்னால் இருக்கும் தாளுக்குப் போகப் போக எழுத்து தடித்து மங்கும். புள்ளி அடைபடும், சுழிகள் நிரம்பிவிடும். இந்த மங்கலை நூலகத்தார் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தார்கள். அம்முறையில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று கருவி தீர்மானித்துவிடுகிறது. இடைப்பட்ட சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. மங்கிய எழுத்து வெள்ளை என்று முடிவானால் போயிற்று. பிறகு திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் சதுரங்கள்தாம் பெரிதாகும். ஆனால் தாளில் அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. சாம்பல் நிற முறையில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் மீண்டும் ஸ்கேன் செய்தால் வெளிப்பட்டுவிடும். இவ்வகைப் பக்கத்தை "மறு ஸ்கேன் போதும்" என்று கடிதத்தில் குறிக்க வேண்டும்.

163-ஆம் பக்கத்தில் எழுத்தின் மேல் எழுத்தாக இரட்டை வரிகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் மங்கிய வரிகள் 164-ஆம் பக்கத்துக்குரியவை. தாள் மெல்லியது, கீழே கிடந்த தாளின் எழுத்து மேலே தெரிகிறது. இடையில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும். இதைச் சொல்லாமல் "163 தெளிவில்லை" என்று எழுதினால், மறுபடி ஸ்கேன் செய்பவரும் அதே மாதிரிதான் செய்து அனுப்புவார்.

மூன்றாவது வகை பைண்டிங்கினால் வருவது. ஆய்வேடு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டச்சிடப்பட்டு இடப்புறம் தைக்கப்பட்டிருக்கிறது. தையல் இறுக்கம், ஏட்டை முழுதாக விரிக்க இயலவில்லை. ஆகவே பல பக்கங்களில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு மூன்று எழுத்துகள் மடிப்புக்குள் மறைந்துவிட்டன. ஆங்கில ஆய்வேட்டில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம். தமிழில் இது ஆபத்தானது. நாம் வரி முடிவில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறிக்கிறோம். முறிந்த சொல்லின் வால் அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். தமிழ் வினையின் உடன்பாடும் எதிர்மறையும் அந்த வாலில்தான் இருக்கின்றன.

*

இதுவே 171-ஆம் பக்கத்தில் நிகழ்ந்தது. நான்காம் இயலின் முதற்பகுதி அங்கே முடிகிறது. அதன் முடிவுரை ஒரே வாக்கியம். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாகக் கொள்கிறது. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே அடக்குகிறது. மதில் காத்தலை உழிஞைக்குள் அடக்குகிறது. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள குறிப்புகளோ மீட்டலைக் கரந்தை என்றும் மதில் காத்தலை நொச்சி என்றும் தனித் திணைகளாகப் பெயரிடுகின்றன. புறப்பொருள் வெண்பாமாலையின் பன்னிரு பாகுபாட்டில் இவை தனித் திணைகள். அப்படியானால் புறநானூற்றுக்குக் குறிப்பு எழுதியவர் தொல்காப்பிய நெறியை விரித்துக்கொண்டாரா, அல்லது முற்றிலும் வேறொரு மரபைப் பின்பற்றினாரா? அந்த அம்மையாரின் ஆய்வேடு சுழல்வது இக்கேள்வியைச் சுற்றித்தான்.

முடிவு வாக்கியத்தில் நான் படிக்க முடிந்தது இவ்வளவு: இத்திணைப் பெயர்களைத் தொல்காப்பிய நெறியின் விரிவாகக் கொள்ள முடி — வரி அங்கே முடிகிறது. அடுத்த வரியின் தலை மடிப்புக்குள் மறைந்துவிட்டது. அதன் பின், என்பது மேற்காட்டிய சான்றுகளால் விளங்கும் என்று வாக்கியம் நிறைவுறுகிறது.

மறைந்தது "யும்" என்பதா, "யாது" என்பதா? இரண்டும் இரண்டெழுத்து. மடிப்புக்குள் இருக்கும் இடம் இரண்டையும் கொள்ளும். இலக்கணமும் இரண்டுக்கும் இடந்தருகிறது. ஒன்றைக் கொண்டால் ஆய்வேட்டின் முடிபு ஒன்று. மற்றதைக் கொண்டால் அதற்கு நேர் எதிரானது.

நான் "முடியும்" என்று எழுதினேன். என் முதற்சுருக்கத்தில் அது "கரந்தை, நொச்சி என்பன தொல்காப்பிய நெறியின் விரிவே என்பது ஆய்வாளர் முடிபு" என்ற வாக்கியமாயிற்று. மூன்றாம் இயல் முழுதும் அம்மையார் தொல்காப்பியத்தை மிகுந்த மதிப்போடு பேசிவந்தார். அந்த ஓட்டத்தில் என் கை தானாகவே எழுதிவிட்டது. நான் ஊகித்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஊகம் ஊகமாகத் தோன்றினால் நாம் எச்சரிக்கையாக இருப்போம். வாசிப்பாகத் தோன்றும் ஊகம்தான் கெடுதல் செய்கிறது.

மறுநாள் கடிதத்துக்காகப் பட்டியல் எடுக்க உட்கார்ந்தபோதுதான் அது பிடிபட்டது. தெளிவில்லாத இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். 140, 141 பக்கங்கள் இல்லை, கரந்தைப் பாடல்கள். 171-இல் வரித் தலை இல்லை. கரந்தை, நொச்சி பற்றிய முடிபு. அந்த முடிபு சுட்டும் "மேற்காட்டிய சான்றுகள்" எவை? அவற்றுள் ஒரு பகுதி இழந்துபோன இரண்டு பக்கங்களில் இருக்கிறது. அப்படியானால் எதை வைத்து "முடியும்" என்றேன்? பட்டியல் அந்தக் கேள்வியைக் கேட்டது. பட்டியல் எழுதாமல் "சில பக்கங்கள் தெளிவில்லை" என்று முடித்திருந்தால், நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

*

இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் இயலின் பிற்பகுதியில் 187 முதல் 198 வரை ஓர் அட்டவணை உள்ளது. பாடல் எண், திணை, துறை என்று பக்கத்துக்கு 34 வரிசைகள். 194-ஆம் பக்கம் 239-இல் தொடங்கி 272-இல் முடிகிறது. அப்பக்கத்தின் அடியில் 267 முதல் 272 வரை ஆறு வரிசைகளில் எண் மட்டும் தெரிந்தது. திணைக்கும் துறைக்கும் உரிய இடம் வெறுமை.

கார்பன் படிகளில் தாளின் அடிப்பகுதி உருளையின் பிடியிலிருந்து நழுவத் தொடங்கும்போது கடைசி வரிகள் மங்குவது வழக்கம். ஆறு வரிசைகளும் அப்படி மங்கியவை என்று எழுதப் போனேன். அது தவறு. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை. 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோதே அவை இல்லை. அந்த இரு வரிசைகளின் வெறுமை ஆய்வாளரே வேண்டுமென்று விட்டது. 269 முதல் 272 வரையான நான்கின் வெறுமைதான் கார்பனால் நேர்ந்தது. பார்வைக்கு ஆறும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முன்னது ஏட்டுச் சுவடியில் நேர்ந்த இழப்பு. பின்னது நூலகத்தில் நேர்ந்தது. ஆறையும் சேர்த்துத் "தெளிவில்லை" என்று எழுதினால், மூல ஆய்வேட்டில் 267-ஐத் தேடும்படி ஒருவரை அனுப்பியவனாவேன்.

அந்த நான்கு வரிசைகளை அச்சு நூலைப் பார்த்து நிரப்பிவிடலாமே என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். 271, 272 இரண்டும் நொச்சித் திணை என்பதை எந்தப் பதிப்பும் சொல்லும். ஆனால் பேராசிரியர் கேட்டது புறநானூறு என்ன சொல்கிறது என்பதையன்று. அந்த அம்மையார் என்ன சொன்னார் என்பதை. அவர் அவ்விரண்டுக்கும் பதிப்பில் உள்ளதையே தந்தாரா, மாற்றினாரா என்பது அவருடைய வாதத்தின் உயிர். பதிப்பைக் கொண்டு நிரப்பினால், அவர் வாயில் நம் சொல்லை வைத்தவர்களாவோம்.

*

ஆகவே சுருக்கத்திலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகளை இட்டு, "கடிதம், 1" என்று சுட்டினேன். கடிதத்தைப் புதிதாக எழுதினேன். அதன் முக்கியப் பகுதியைத் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம், நான்காம் இயல்களின் சுருக்கத்தை இணைத்துள்ளேன். ஆய்வேட்டுப் பக்கம் 97–211. கீழே முதலில் வருவது ஆய்வேட்டுப் பக்கம். அடுத்து வருவது கோப்பில் உள்ள எண். முடிபைத் தொடும் இடங்களை முதலில் தந்துள்ளேன்.

1. பக்கம் 171, கோப்பு 74. கீழிருந்து இரண்டாம் வரியின் தொடக்கம் பைண்டிங் மடிப்புக்குள் மறைந்துள்ளது. கொள்ள 'முடியும்' எனவும் 'முடியாது' எனவும் படிக்க இடமுண்டு. என்னால் தீர்மானிக்க இயலவில்லை. ஆய்வாளரின் முடிபு இச்சொல்லைப் பொறுத்தது. ஆகவே சுருக்கத்தில் அம்முடிபை எழுதவில்லை. மூல ஏட்டை நேரில் விரித்துப் பார்த்தால் தெரியும்.

2. பக்கம் 140, 141. கோப்பில் இல்லை, கோப்பு 44-க்கும் 45-க்கும் இடையே வர வேண்டியவை. இயலிறுதிக் குறிப்புகள் 48–52 புறம் 260, 261, 263, 264, 265 ஆகியவற்றைச் சுட்டுவதால், கரந்தை பற்றிய பேச்சு இங்கே இருந்திருக்க வேண்டும். கருத்து தெரியவில்லை. மேலே 1-இல் குறித்த முடிபுக்கு இவை சான்றாகலாம்.

3. பக்கம் 194, கோப்பு 97. அட்டவணையில் புறம் 269–272 மங்கியுள்ளன. மறு ஸ்கேன் போதும். 267, 268 வெறுமையாக இருப்பது பாடல்கள் கிடைக்காமையால், அது குறையன்று.

4. பக்கம் 163, கோப்பு 66. கீழ்த்தாளின் எழுத்து கலந்துள்ளது. பொருள் ஏறத்தாழப் புரிந்தது, சுருக்கத்தில் சேர்த்துள்ளேன். மேற்கோளாக எடுத்தாள வேண்டாம். வெள்ளைத் தாள் செருகி ஸ்கேன் செய்தால் சரியாகும்.

118-ஆம் பக்கம் இருமுறை வந்துள்ளது (கோப்பு 22, 23). ஏனைய பக்கங்களை முழுமையாகப் படித்தேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். தெளிவில்லாதவற்றைப் பட்டியலிடுவதன் உண்மைப் பயன் அதில்தான் இருக்கிறது. குறைகள் இன்னின்ன இடத்தில் என்று எல்லை கட்டிவிட்டால், எஞ்சியவற்றுக்குப் பொறுப்பேற்க முடிகிறது. "பிழை இருப்பின் பொறுத்தருள்க" என்று எழுதுபவர் எந்தப் பக்கத்துக்கும் பொறுப்பேற்பதில்லை.

*

நண்பர்கள் சிலர் இதற்கு இரண்டு மறுப்புகள் சொன்னார்கள். பெரியவர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் "தீர்மானிக்க இயலவில்லை", "எழுதவில்லை" என்று அடுக்குவது பணிவாகாது என்பது ஒன்று. நம் துறைகளில் பலர் ஊகத்தை வாசிப்பாக எழுதிவிடுவதற்கு இந்தப் பணிவே காரணம் என்று நினைக்கிறேன். பேராசிரியர் கேட்டதை முடியாது என்று சொல்லத் தயங்கி, முடிந்ததாகக் காட்டிவிடுகிறோம். அவர் அதை நம்பி அச்சில் ஏற்றுகிறார். பிறகு பிழை யாருடையது? மதிப்பு வைத்திருக்கும் ஒருவரைப் பொய்யான மேற்கோளின்மேல் நிற்க வைப்பது பணிவில் சேருமா?

மற்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. பட்டியல் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அது. மங்கிய புள்ளியையும் விட்ட ஒற்றையும் ஒவ்வொன்றாக எழுதினால் கடிதம் ஆய்வேட்டளவு நீளும். முக்கியமான ஓரிடம் அதில் புதைந்துபோகும். ஆகவே வரிசை முக்கியம். பக்க எண் வரிசை பட்டியல் போடுபவருக்கு எளிது, படிப்பவருக்குப் பயனில்லை. முடிபைத் தொடுபவை முதலில் வர வேண்டும். சான்றைத் தொடுபவை அடுத்து வரலாம். பொருள் புரிந்து சொல் மட்டும் ஐயமானவை கடைசியில் வந்தால் போதும். எழுத்து மங்கியும் பொருளில் ஐயமே இல்லாத இடங்களைச் சொல்லவே வேண்டியதில்லை. அப்படி நான் விட்டவை இருபதுக்கு மேல் இருக்கும்.

இதில் ஒன்றும் புதிதில்லை. சுவடிகளோடு போராடிய நம் பதிப்பாசிரியர்கள் செய்ததுதான். பதிற்றுப்பத்து 1904-இல் வெளிவந்தபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்திருக்கவில்லை. ஆயினும் நூல் இரண்டாம் பத்திலிருந்தே தொடங்கியது. கிடைத்த எட்டையும் ஒன்று முதல் எட்டு என்று எண்ணிவிடவில்லை. புறநானூற்றில் 266-க்குப் பின் 269 வருகிறது. இழந்த பாடல்களின் இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். ஐங்குறுநூற்றில் 129, 130 என்ற எண்களும் அப்படியே. இவற்றை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனால் ஒரு சுருக்கம் எழுத உட்கார்ந்தபோது, வெறுமையாக விட வேண்டிய இடத்தில் "யும்" என்று எழுதினேன்.

கடிதம் போய் மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். நூலகத்துக்குத் தம் பழைய மாணவி ஒருவரை அனுப்பி, 171-ஆம் பக்கத்தை விரித்துப் பார்க்கச் செய்திருக்கிறார். தையலைச் சற்று நெகிழ்த்திப் பார்த்ததில் எழுத்து தெரிந்ததாம். "'முடியாது' என்றுதான் இருக்கிறது தம்பி. அந்தக் காலத்தில் அந்த அம்மா துணிந்து எழுதியிருக்கிறார்" என்றார். தொல்காப்பியத்தை அவ்வளவு மதிப்போடு பேசிவந்தவர், சான்றுகள் வேறு பக்கம் இழுத்தபோது அப்பக்கம் போயிருக்கிறார். நான் அவரைத் திருப்பி இழுக்கப் பார்த்திருக்கிறேன். மறுத்துச் சொல்ல அவர் இல்லை. நூலும் அச்சில் இல்லை. பேராசிரியர் நூலில் என் வாக்கியம் ஏறியிருந்தால், அவர் கருத்து என்று உலகுக்குத் தெரிந்திருப்பது அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

140, 141 பக்கங்கள் மூல ஏட்டில் இருந்தன. ஸ்கேன் செய்யும்போதுதான் விட்டுப்போயின. இப்போது அவற்றையும் படித்துவிட்டேன். 194-ஆம் பக்கத்தின் கடைசி நான்கு வரிசைகளில் இரண்டு, தாளிலேயே அழிந்திருக்கின்றன. சுருக்கத்தில் அந்த இரு எண்களையும் எழுதி, எதிரே இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.